லெமிங்டனில் எடுத்த இரண்டு குடும்பப் படங்கள்

ஹென்றி பீச் ராபின்சன் 1858இல் உருவாக்கிய ‘ஃபேடிங் அவே’ என்ற புகைப்படம் ஒருபக்கம். வாரிக் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்த தமிழ் மாணவி ஒருவர், மதுரையில் வடிவமைப்பாளராக இருக்கும் என் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சிறு குறிப்பு மறுபக்கம். இவ்விரண்டையும் அருகருகே வைக்க முதலில் தூண்டியது ஓர் ஊர்ப்பெயர். ராபின்சன் தம் ஸ்டூடியோவை 1857இல் தொடங்கியது இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில், பரேடு என்னும் பெருந்தெருவின் மேற்பகுதியில். வாரிக் மாணவர்கள் பலர் வாடகைக்குக் குடியிருப்பதும் அதே லெமிங்டனில். நம் மாணவி பட்டமேற்பு அங்கியோடு தோழியின் கைபேசிக்கு முன் நின்றது, பரேடின் கீழ்க்கோடியில் ஆற்றங்கரையை ஒட்டியிருக்கும் ஜெஃப்சன் பூங்காவில். ஆக, இரண்டு படங்களும் ஒரே தெருவின் இரண்டு முனைகளில் பிறந்தவை. ஊர்ப்பொருத்தம் தற்செயல்தான். ஆனால் பார்க்கப் பார்க்கத் தற்செயல் அல்லாத பொருத்தங்கள் பல தென்பட்டன.

குறிப்பை முதலில் அப்படியே தருகிறேன். மாணவியின் சம்மதத்துடன் நண்பர் எனக்குக் காட்டியது இது:

“அண்ணா வணக்கம். பட்டமளிப்பு அன்னைக்கு எடுத்த போட்டோ அனுப்பியிருக்கேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விசா கிடைக்கலை, வர முடியலை. அவங்க ரெண்டு பேரையும் என் பக்கத்துல நிக்கிற மாதிரி சேத்துத் தர முடியுமா? அம்மா எனக்கு இடது பக்கம், அப்பா வலது பக்கம். அக்கா கல்யாண போட்டோ ஒண்ணும் அனுப்பியிருக்கேன், அதுலேருந்து எடுத்துக்கலாம். அப்பா கை என் தோள் மேல இருந்தா நல்லா இருக்கும். ஒண்ணு மட்டும் அண்ணா, அம்மா ஸ்வெட்டர் போட்டிருக்கணும். அன்னைக்கு ரொம்பக் குளிர்.”

ராபின்சனின் படத்திலும் நடுவில் இருப்பவள் ஓர் இளம்பெண். நோயில் கிடக்கிறாள், வெள்ளைத் தலையணையில் சாய்ந்திருக்கிறாள். ஒரு பெண் அருகில் அமர்ந்திருக்கிறாள், இன்னொருத்தி நிற்கிறாள். பின்னால் சன்னலோரம் ஓர் ஆண் நமக்கு முதுகு காட்டி வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்ப்பவருக்கு இது தந்தை, இது தாய், இது உடன்பிறந்தவள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளைச் சுற்றிக் குடும்பம் கூடி நிற்கும் காட்சி என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும். ஆனால் அந்தக் காட்சி ஐந்து தனித்தனிக் கண்ணாடி நெகட்டிவ்களிலிருந்து ஒரே தாளில் அச்சிட்டு இணைத்தது. சாகக்கிடப்பவளாக நடித்தவள் நல்ல உடல்நலத்தோடு இருந்த பதினான்கு வயதுச் சிறுமி.

இங்கே முதல் வியப்பு. ராபின்சன் படத்தில் காணும் குடும்பம் எங்கும் இருந்ததில்லை. உறவில்லாத சிலரை ஒரே சட்டத்துக்குள் நிறுத்தி அவர் ஒரு குடும்பத்தை உண்டாக்கினார். மாணவி கேட்பதோ நேர்மாறு: குடும்பம் உண்மையானது, கூடியிருந்த அந்தப் பொழுதுதான் இல்லை. ராபின்சனிடம் இடமும் நேரமும் இருந்தன, உறவு இல்லை. மாணவியிடம் உறவு இருக்கிறது, இடமும் நேரமும் வாய்க்கவில்லை. ஆனாலும் இருவரும் இட்டு நிரப்ப வேண்டிய பள்ளம் ஒன்றே: மகளுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் அந்த இரண்டு மூன்று அடி.

ஏன் ஒரே படமாக எடுக்கவில்லை என்ற கேள்விக்கும் இரண்டிலும் விடை உண்டு. ராபின்சன் கையாண்டது ஈரக் கொலோடியன் தகடு. அதற்கு நீண்ட நேரம் ஒளி பாய வேண்டும், அதுவரை எல்லோரும் அசையாதிருக்க வேண்டும். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒருசேரத் தெளிவாக விழவும் மாட்டார்கள். சன்னலுக்கு வெளியே உள்ள வானத்துக்கு ஏற்ற ஒளியைக் கொடுத்தால் அறை இருண்டுபோகும். அறைக்கு ஏற்றபடி கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகும். லென்சும் தகடும் அனுமதிக்காத ஒன்றை அவர் இணைத்துக் காட்டினார். தோழியின் கைபேசிக்கு அந்தத் தடை எதுவும் இல்லை; மூவர் வந்து நின்றிருந்தால் நொடியில் பதிந்திருக்கும். தடுத்தது எல்லை. முன்னவருக்குக் கருவியின் போதாமை, பின்னவருக்குக் கடவுச்சீட்டில் விழாத ஒரு முத்திரை.

இனி வேலைக்கு வருவோம். ராபின்சன் ஓவியராகத் தொடங்கியவர். 1852இலேயே லண்டன் ராயல் அகாதமி கண்காட்சியில் அவருடைய ஓவியம் இடம்பெற்றது. அதனால் புகைப்படத்தையும் ஓவியரைப் போலவே அணுகினார். முதலில் முழுக்காட்சியையும் கோட்டோவியமாக வரைந்துகொள்வார். யார் எங்கே, எவ்வளவு பெரிதாக, எப்பக்க ஒளியில் என்பதெல்லாம் தாளில் முடிவான பிறகே ஒவ்வொருவரையும் அந்த இடத்துக்குப் பொருந்துமாறு படமெடுப்பார். கையில் கிடைத்த படங்களை வெட்டி ஒட்டுவது அவர் வழியல்ல. சேர்க்கப் போகிறோம் என்று தெரிந்து, சேர்வதற்காகவே எடுத்த படங்கள் அவை.

என் நண்பரின் பதிலும் இதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. “கல்யாணப் போட்டோ வேண்டாம்மா. மண்டபத்துல ராத்திரி ஃபிளாஷ் போட்டு எடுத்தது அது. அப்பா நெத்தியில வெளிச்சம் பட்டு மின்னுது, அம்மா காதுக்குப் பின்னாடி கறுப்பா நிழல் விழுது. ரெண்டு பேருக்கும் முழங்காலுக்குக் கீழ படமே இல்ல. உன் போட்டோல மேகமூட்டம். எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம். சேத்தா ஒட்டாது. அம்மா அப்பாவை இப்ப புதுசா ஒரு போட்டோ எடுக்கச் சொல்லலாம். எப்படின்னு நான் சொல்றேன்.” ராபின்சன் வரைந்த கோட்டோவியத்தின் வேலையை இங்கே மாணவியின் படமே செய்கிறது. அவர் நிற்கும் இடம் முடிவாகிவிட்டது. மற்றவர்கள் அதற்கேற்ப வந்து நிற்க வேண்டும்.

புதிய படம் எடுக்க முதலில் ஒளி வேண்டும். ஜனவரி மாதத்து லெமிங்டனில் வானம் முழுவதும் சாம்பல் நிறத்தில் ஒரே விளக்காக இருந்தது. பெற்றோர் இருக்கும் மதுரையில் அதற்கு ஈடு எது? நண்பர் சொன்னது விடியற்காலை: வெளிச்சம் பரவி, சூரியன் இன்னும் பக்கத்து வீட்டைத் தாண்டி எழாத அந்தக் கொஞ்ச நேரம். மொட்டைமாடியில் நின்றால் அப்போது வானம் மட்டுமே ஒளி தரும், நிழல் கூர்மையாக விழாது, நிறமும் சற்றே குளிர்ந்திருக்கும். ராபின்சனும் தம் கண்ணாடிக்கூரை ஸ்டூடியோவில் வானத்தின் ஒளியையே நம்பியிருந்தார். ஆனால் அவர் படத்தை உற்றுப் பார்த்தால் ஒளியில் ஒரு முரண் தெரியும். அறையின் சன்னல் பின்னால் இருக்கிறது. பெண்ணின் முகமும் தலையணையுமோ முன்னாலிருந்து வரும் ஒளியில் வெளுத்திருக்கின்றன. சன்னலைத் தவிர அந்த அறைக்கு வேறு ஒளி உண்டா என்று படம் சொல்வதில்லை. துயரத்தில் மனம் தங்கிவிடுவதால் நாம் அதைக் கேட்பதுமில்லை. பட்டமளிப்புப் படத்துக்கு அப்படிப்பட்ட மறைப்பு கிடையாது. புன்னகைக்கும் மூன்று முகங்களைப் பார்ப்பவர் கண் நிதானமாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்லும். ஒளி மாறினால் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிடும்.

அடுத்தது உயரம். நான் மிகவும் ரசித்தது இதைத்தான். மாணவியின் படத்தில் பூங்காப் பாதையின் இரண்டு ஓரங்களும் தொலைவில் குறுகிச் செல்கின்றன. அவற்றைத் திரையில் கோடுகளாக நீட்டினால் ஓரிடத்தில் சந்திக்கும். அந்தப் புள்ளியின் மட்டம்தான் கேமரா பிடித்திருந்த உயரம். சமதரையில் நிற்கும் எவரையும், அவர் அருகில் நின்றாலும் தள்ளி நின்றாலும், அந்த மட்டக்கோடு அதே உயரத்தில்தான் வெட்டும். நண்பர் நீட்டிய கோடுகள் மாணவியின் நெஞ்சளவில் சந்தித்தன. மாணவியின் உயரம் 160 செ.மீ., குதிகால் செருப்பு 4 செ.மீ.; மொத்தம் 164. படத்தில் செருப்பின் அடியிலிருந்து உச்சந்தலை வரை (தொப்பியைச் சேர்க்காமல்) 2460 பிக்சல். அப்படியானால் ஒரு செ.மீ.க்கு 15 பிக்சல். கோடுகள் சந்தித்த மட்டம் அடியிலிருந்து 1800 பிக்சல் உயரத்தில் இருந்தது, அதாவது 120 செ.மீ. தோழி கைபேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து எடுத்திருக்கிறார் என்று படமே சொல்லிவிட்டது. தூரத்தையும் கைபேசி லென்சின் விரிவைக் கொண்டு கணக்கிட்டார்: ஏறக்குறைய ஏழடி.

இதிலிருந்து வீட்டாருக்குப் போன செய்தி எளிமையானது. தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் கைபேசியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏழடி தள்ளி நின்று எடுங்கள், பெரிதாக்காதீர்கள், பின்புலத்தை மங்கலாக்கும் முறையைத் தொடாதீர்கள், பாதம் தெரிய எடுங்கள், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். அம்மா செருப்போடு 154 செ.மீ., அதனால் அவர் 2310 பிக்சல் இருக்க வேண்டும். அப்பா 170; அவருக்கு 2550. கண்மதிப்பில் வைத்திருந்தால் அப்பாவை இன்னும் கொஞ்சம் உயரமாக்கிவிடத் தோன்றும். அளவு அதைத் தடுக்கிறது. மகளின் காலணியும் சேர்ந்ததால் அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே ஆறு செ.மீ. வேறுபாடுதான், அந்தக் குடும்பத்தார் நேரில் நின்றாலும் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

ராபின்சன் கணக்கில் இந்த பிக்சல் இல்லை, ஆனால் இதே விதி இருந்தது. ஐந்து நெகட்டிவ்களையும் ஒரே அளவில் தாளோடு ஒட்டவைத்து அச்சிடும் முறை அது. பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வழியில்லை. எனவே ஒவ்வொருவரும் தாளில் எவ்வளவு உயரம் வர வேண்டுமோ அவ்வளவு உயரமாகவே கேமராவுக்குள் விழ வேண்டும். ஏறத்தாழ 24 செ.மீ.க்கு 37 செ.மீ. அளவுள்ள அந்தப் படத்தில் ஒருவர் ஒரு விரற்கடை கூடிவிட்டால் தகட்டைக் கழுவிவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான். நண்பருக்கு அளவை மாற்றும் வசதி உண்டு, ராபின்சனுக்கு இல்லை. கேமராவின் உயரத்தையும் தூரத்தையும் பின்னால் மாற்ற முடியாமை மட்டும் இருவருக்கும் பொது. மேலிருந்து எடுத்த முகத்தைக் கீழிருந்து எடுத்ததாக மென்பொருளால் இயல்பாக மாற்றுவது எளிதல்ல.

இப்போது தோளில் கை. குறிப்பில் ஒரு சிறிய வாக்கியம்தான் அது. வேலையிலேயே மிகக் கடினமானதும் அதுதான். கை ஒன்றன்மேல் கிடக்கும்போது மூன்று விஷயங்கள் நடக்கின்றன. துணி விரல்களுக்கு அடியில் அமுங்குகிறது. விரல்களைச் சுற்றி மெல்லிய இருட்டு கூடுகிறது. தோளின் சரிவுக்கேற்ப மணிக்கட்டு வளைகிறது. காற்றில் நீட்டிய கையைப் படமெடுத்துத் தோள்மேல் வைத்தால் இம்மூன்றும் இருக்காது. கை அட்டையில் வெட்டியதுபோல் மிதக்கும். வரைந்து சரிசெய்யலாம், ஆனால் நண்பர் அதை விரும்பவில்லை. மகளின் இடத்தில் வேறொருவரை நிறுத்தச் சொன்னார்.

மாணவியின் சித்தப்பா மகள், பிளஸ் டூ படிப்பவள், வந்து நின்றாள். அவள் உயரம் 158 செ.மீ.; ஆறு செ.மீ. உயரமுள்ள மணைப்பலகையின்மேல் ஏற்றி 164 ஆக்கினார்கள். அங்கியின் கறுப்பு வேண்டுமே என்று, அப்பா சபரிமலைக்கு மாலை போடும்போது உடுத்தும் கறுப்பு வேட்டியை அவள் தோள்களைச் சுற்றிப் போர்த்தினார்கள். அப்பா அவள் தோளில் கை வைத்தார். விரல்கள் கறுப்புத் துணியில் அமுங்கின. பிறகு திரையில் அந்தச் சிறுமி முழுவதும் நீக்கப்பட்டாள். அப்பாவின் கையும், அதைச் சுற்றி அரை அங்குலம் கறுப்பு வேட்டியும் மட்டும் எஞ்சின. கறுப்பு அங்கியில் அந்தக் கறுப்பு கரைந்துபோனது. படத்தில் மகளின் தோளில் இருப்பது அப்பாவின் கை. கைக்கு அடியில் இருக்கும் மடிப்பு தங்கை போர்த்திய துணி.

இரண்டு படங்களும் மிக நெருங்கிவரும் இடம் இது என்பது என் எண்ணம். உடல்நலம் உள்ள ஒரு சிறுமி, லெமிங்டனில் நோயாளிக்குப் பதிலாகப் படுத்தாள். பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தி, மதுரையில் பட்டதாரிக்குப் பதிலாக நின்றாள். ராபின்சன் தம் படத்துப் பெண்ணின் முகத்தை வைத்துக்கொண்டு அவள் உண்மை நிலையை நீக்கினார். நண்பர் இவள் முகத்தை நீக்கிவிட்டு, இவள்மேல் உண்மையாகவே விழுந்த தொடுகையை வைத்துக்கொண்டார். பாசத்தை நடிக்க வைக்கலாம், ஆனால் தொடுகைக்கு ஓர் உடல் தேவை என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

இணைப்பை மறைக்கும் கலையிலும் உறவு தொடர்கிறது. ராபின்சன் அச்சிட்டது முட்டை வெண்கரு பூசிய தாளில், வெயிலில் வைத்து. ஒரு நெகட்டிவில் வேண்டிய உருவத்தை மட்டும் விட்டு மற்ற இடங்களை மறைத்துவிட்டு அச்சிடுவார். படம் வெயிலில் கண்ணுக்குத் தெரியவே கருத்து வரும். பின் அச்சான பகுதியை மறைத்துவிட்டு அடுத்த நெகட்டிவைப் பொருத்துவார். வெட்டுக்கோடு நாற்காலியின் விளிம்பு, திரைச்சீலையின் ஓரம் என்று இயல்பாகவே ஒரு கோடு இருக்கும் இடத்தில் விழும்படி முன்னரே திட்டமிடுவார். நண்பரும் அப்படித்தான். அம்மாவின் உடல் மகளின் அங்கிக்குப் பின்னால் சிறிது மறையுமாறு நிறுத்தினார். அங்கியின் கறுப்பு விளிம்பே வெட்டுக்கோடு ஆனது. அதனால் பாதி வேலை மிச்சம். மிச்சம் இருந்தது அம்மாவின் தலைமுடி. மல்லிகைச் சரத்துக்கு மேலே காற்றில் கலைந்த முடிகளுக்கிடையே மதுரை வானம் வெளிர்நீலமாகத் தெரிந்தது. அதை ஒவ்வொன்றாக நீக்கிப் பூங்காவின் சாம்பல் பச்சையைக் கொண்டுவரத்தான் மிகுதியான பொழுது சென்றது.

வேறுபாடும் இங்கே பெரிது. ராபின்சனின் முறையில் ஒவ்வொரு பிரதியும் புதிதாக இணைக்கப்பட வேண்டும்; நான்காவது நெகட்டிவில் ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டால் அதுவரை அச்சானதும் வீண். நண்பரின் கோப்பில் அம்மா ஓர் அடுக்கு, அப்பா ஓர் அடுக்கு, கைக்கு மட்டும் ஓர் அடுக்கு; எதையும் எப்போதும் திருப்பலாம். ஆனால் நிறம் என்ற ஒரு தொல்லை ராபின்சனுக்கு இல்லை. செம்பழுப்பான ஒற்றை நிறத்தில் அச்சிட்டதால், வெவ்வேறு நெகட்டிவ்களில் விழுந்தவர்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் ஒன்றுகூடிவிட்டார்கள். நண்பரோ அப்பாவின் வெள்ளை வேட்டியோடு போராடினார். மொட்டைமாடியின் சிவப்புத் தட்டோடு எதிரொளித்து வேட்டியின் கீழ்ப்பாதி இளஞ்சிவப்பாக இருந்தது. லெமிங்டன் பாதையோ மழையில் நனைந்து கறுத்திருந்தது. மேலே மதுரையும் லெமிங்டனும் பொருந்தினாலும் முழங்காலுக்குக் கீழே அப்பா மதுரையில்தான் நின்றார். சிவப்பை மட்டும் கீழிருந்து படிப்படியாகக் குறைத்து, மகளின் சட்டைக் காலரின் வெண்மையோடு ஒப்பிட்டுக்கொண்டே கொண்டுவந்தார். வெள்ளைத்துணி எதையும் மறைக்காது.

அதற்கு முன் அவர் செய்த சோதனை ஒன்றைச் சொல்ல வேண்டும். படத்தின் நிறம் முழுவதையும் நீக்கிக் கறுப்புவெள்ளையில் பார்த்தார். மூவரின் முகமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றனவா, கறுப்புகள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்பது நிறம் இல்லாதபோதுதான் தெரியும். அதாவது ராபின்சனுக்கு இயல்பாகவே கிடைத்த கண்ணை அவர் வேண்டுமென்றே எடுத்து அணிந்துகொண்டார். அதன்பின் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தார். பழகிய கண்ணுக்குத் தப்பிய சாய்வுகள் அப்போது வெளிப்படும். கடைசியாகப் பாதங்கள். மேகமூட்டத்தில் நிழல் விழாது என்று பலர் விட்டுவிடுவார்கள். தரையில் நீளும் நிழல்தான் விழாது. செருப்பு தரையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய கறுப்பு எப்போதும் உண்டு. அது இல்லையென்றால் மனிதர்கள் தரைக்கு மேலே ஓர் அங்குலம் நிற்பார்கள். சேர்த்த படம் எதையும் சந்தேகப்படுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், செருப்பின் அடியைப் பார்த்தால் போதும். ராபின்சன் படத்தில் தரையைத் தொடும் பாதங்கள் முக்கியமாகவே இல்லை. நீண்ட பாவாடைகள் அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டன.

ஸ்வெட்டர் பற்றிய வரிக்கு இப்போது திரும்பலாம். முதல் வாசிப்பில் அது மகளின் அக்கறையாக மட்டுமே எனக்குப் பட்டது. அம்மா ஒரு படத்துக்குள் நிற்கப் போகிறார், அங்கே அவருக்குக் குளிரும் என்று மகள் கவலைப்படுகிறாள். நண்பரோ அதைத் தொழில் குறிப்பாக வாசித்தார். பின்னால் இலையுதிர்ந்த மரங்கள், நனைந்த பாதை, மகளின் மூக்கு நுனியில் குளிரின் சிவப்பு. இவற்றுக்கு நடுவே மெல்லிய பட்டுச்சேலை மட்டும் உடுத்திய ஒருவர் நின்றால், ஒளியும் அளவும் எவ்வளவு சரியாக இருந்தாலும் படம் நம்பும்படி இருக்காது. கொடைக்கானலுக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டர் பீரோவிலிருந்து வெளியே வந்தது. நம்பவைக்கும் விவரம் எது என்ற கேள்விக்கு அன்பும் தொழிலும் ஒரே விடைக்கு வந்திருக்கின்றன. ராபின்சனின் படத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணின் கையில் புத்தகம் ஒன்று இருக்கிறது. வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார் என்று அந்தப் புத்தகத்தால் தெரிகிறது. அந்த ஸ்வெட்டருக்கும் இந்தப் புத்தகத்துக்கும் பணி ஒன்றுதான்: இந்தக் கணத்துக்கு முன்னும் இவர்கள் இங்கே இருந்தார்கள் என்று சொல்வது.

பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ராபின்சன் தம் முறையை ஒளிக்கவில்லை. எப்படி இணைத்தேன் என்று விளக்கி எழுதினார். விளைவாக இருபக்கமும் பேச்சு எழுந்தது. இவ்வளவு துயரமான காட்சியைக் கேமராவால் எடுக்கலாமா என்று சிலர் வருந்தினார்கள். ஓவியத்தில் ஏற்றுக்கொண்டதைப் புகைப்படத்தில் ஏற்க அவர்களால் முடியவில்லை. புகைப்படம் என்றால் நடந்தது என்று பொருள் கொண்டிருந்தார்கள். இணைத்த படம் என்று தெரிந்தபின் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தவர்களும் உண்டு. மறுபக்கம் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அதில் ஒரு பிரதியை வாங்கி, ராபின்சன் இனி இப்படி இணைக்கும் படங்கள் ஒவ்வொன்றிலும் தமக்கு ஒரு பிரதி வேண்டும் என்று சொல்லிவைத்தார்.

மாணவியின் படத்தை ஏமாற்று என்று யாரும் சொல்லப்போவதில்லை. கேட்டவருக்கும் தெரியும், செய்தவருக்கும் தெரியும், படத்தில் நிற்கும் இருவருக்கும் தெரியும். இறந்துபோன தாத்தாவைப் பேரன் திருமணப் படத்தில் சேர்த்துத் தரும் வழக்கம் நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெடுநாளாக உண்டு. அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. உயிரோடும் நலத்தோடும் இருக்கும் பெற்றோரை அந்த வரிசையில் சேர்த்துப் பேசுவது சிலருக்கு மனம் ஒப்பாது என்பதும் தெரியும். எனக்கும் முதலில் ஒப்பவில்லை. ஆனால் வேலையின் தன்மை ஒன்றே; வேறுபாடு, இங்கே சேர்க்கப்படுகிறவர்கள் தாமே விடியலில் எழுந்து, குளித்து, ஸ்வெட்டர் மாட்டி, மொட்டைமாடியில் வந்து நின்றார்கள் என்பது. அந்த வகையில் ராபின்சனின் படத்தைவிட இது நடந்த ஒன்றுக்கு நெருக்கமான படம். அவர் படத்தில் யாருக்கும் மகள் சாகவில்லை. இதில் இரண்டு பேர் மகளுக்குப் பக்கத்தில் நிற்பதற்கென்றே நின்றார்கள்.

எனக்குள்ள கவலை வேறு, அது காலம் பற்றியது. ‘ஃபேடிங் அவே’ ஐந்து நெகட்டிவ் என்று இன்று நமக்குத் தெரிவது அவர் சொல்லிவைத்ததால். சொல்லாமல் போயிருந்தால் 1858இல் லெமிங்டனில் ஒரு வீட்டில் ஒரு பெண் அப்படி இறந்தாள் என்றே எண்ணியிருப்போம். மாணவியின் படம் மதுரை வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. இப்போது பார்ப்பவர்கள் கேட்டால் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். முப்பது ஆண்டுகள் கழித்து அதைப் பார்க்கும் பேரக்குழந்தை, பாட்டியும் தாத்தாவும் இங்கிலாந்து போய்வந்தார்கள் என்று நம்பும்; விசா கிடைக்காத கதையும், அதிகாலை மாடியும், மணைமேல் ஏறி நின்ற தங்கையும் அந்த நம்பிக்கையில் அழிந்துபோகும். படத்தைவிட அந்தக் கதை மதிப்புக் குறைந்தது அல்ல.

நண்பர் இப்போது சேர்த்துத் தரும் படம் ஒவ்வொன்றுக்கும் சட்டமிடுமுன் பின்புறத்தில் இரண்டு வரி எழுதித் தருகிறார்: மகள் எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது, பெற்றோர் எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது. உங்கள் வீட்டிலும் இப்படிச் சேர்த்த படம் இருந்தால், அதைச் சுவரிலிருந்து ஒருமுறை இறக்கி, யார் யாரை எங்கே எடுத்தது என்று பின்னால் எழுதிவைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.